இருட்டறையில் கண்ணைக் கூசவைக்கும் எச்.டி.ஆர். வீடியோக்கள்: போனில் அவற்றின் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் வழிமுறை

இரவு விளக்கையும் அணைத்துவிட்டு, பக்கத்தில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்க, போனின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்துக்கொண்டு ஒரு சமூகச் செயலியில் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். நான்கைந்து வீடியோக்கள் அமைதியாகக் கடந்துபோகின்றன. அடுத்த வீடியோ வந்தவுடன் யாரோ முகத்தில் டார்ச் அடித்ததுபோல் திரை பளீரென்று எரிகிறது, எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழுகிறது, குழந்தை புரண்டு படுக்கிறது. வெளிச்சத்தைக் குறைக்கலாம் என்று பார்த்தால் ஸ்லைடர் ஏற்கெனவே கடைசியில்தான் நிற்கிறது.

ஏறக்குறைய மூன்று மாதங்கள் இதோடு போராடினேன். ஸ்கிரீன் கார்டு மாற்றினேன், திரையை மங்கலாக்கும் செயலிகளை நிறுவிப் பார்த்தேன், ஒரு பழுதுபார்க்கும் கடைக்கும் போய்வந்தேன். அவை எதுவும் உதவவில்லை. காரணம் எச்.டி.ஆர். வீடியோக்கள், அதாவது திரையின் சாதாரண வெள்ளையைத் தாண்டிய வெளிச்சத்தில் காட்டப்படும் வகை வீடியோக்கள். தீர்வு போனுக்குள்ளேயே சில அமைப்புகளில் இருந்தது. அதற்குச் செலவு ஏதுமில்லை, பொறுமையாகச் செய்தால் இருபது நிமிடம் போதும். எந்த வரிசையில் செய்தால் நேரம் வீணாகாதோ அந்த வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன்.

## 1. கோளாறு எச்.டி.ஆர். தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

திரை திடீரென்று பளிச்சிடுவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். அறை வெளிச்சத்துக்கேற்பத் தானாக மாறும் ஆட்டோ பிரைட்னஸ் தடுமாறுவதும் அவற்றில் ஒன்று. இதைப் பிரித்தறிய ஒரு எளிய சோதனை உண்டு. கண்ணைக் கூசவைக்கும் வீடியோ ஒன்று கிடைத்தவுடன் அதைச் செயலியிலேயே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இருட்டறையில் அதை ஓடவிட்டு, வீடியோவுக்கு மேல் செயலி எழுதிக் காட்டும் வெள்ளை எழுத்துகளை, அதாவது பதிவிட்டவரின் பெயரையும் விருப்பக்குறியின் எண்ணிக்கையையும், உற்றுப் பாருங்கள். வீடியோவில் வரும் வெள்ளைச் சட்டையோ வானமோ பளபளக்க, அதன் பக்கத்தில் இந்த எழுத்துகள் அழுக்கேறிய சாம்பல் நிறத்தில் தெரிந்தால், அது எச்.டி.ஆர். வீடியோதான். வெள்ளையான எழுத்தைவிட வெள்ளையான ஒரு பொருள் திரையில் இருக்கிறது என்பதே அதற்குப் பொருள்.

இன்னும் உறுதி வேண்டுமானால் அதே காட்சியில் நிறுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெரும்பாலான போன்களில் ஸ்கிரீன்ஷாட் அந்த மிகைவெளிச்சத்தைத் தக்கவைப்பதில்லை. ஆகவே படத்தொகுப்பில் திறந்து பார்க்கும்போது படம் சாதுவாக, கண்ணை உறுத்தாமல் இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டில் இல்லாத கூச்சம் வீடியோவில் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மாறாக, எழுத்துகளும் வீடியோவும் சேர்ந்தே பளிச்சிட்டு, ஸ்லைடரும் தானாக நகர்ந்திருந்தால், அது ஆட்டோ பிரைட்னஸின் வேலை. அதை அணைத்தால் போதும், இந்தக் கட்டுரையின் மற்றப் பகுதி உங்களுக்குத் தேவைப்படாது.

## 2. ஸ்லைடரைக் குறைப்பது ஏன் பயன்படவில்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்த ஒரு பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். இது புரியாமல்தான் நான் மூன்று மாதங்களை இழந்தேன்.

நாம் நகர்த்தும் ஸ்லைடர் சாதாரண வெள்ளையின் அளவை மட்டுமே தீர்மானிக்கிறது. செய்தி எழுதும் பக்கத்தின் பின்னணி, எழுத்துகள், பழைய வகை வீடியோக்கள் ஆகிய அனைத்துக்கும் அந்த வெள்ளையே உச்சம். எச்.டி.ஆர். வீடியோவுக்கு மட்டும் அந்த உச்சத்தைத் தாண்டிச் செல்லப் போன் அனுமதி தருகிறது. வெளிச்சத்தை அளக்கும் அலகு நிட். எச்.டி.ஆர். தயாரிப்புக்கான பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அறிக்கையான BT.2408, சாதாரண வெள்ளைக்கு 203 நிட் என்ற அளவைப் பரிந்துரைக்கிறது. அந்த அளவுகோலில் உச்சவெளிச்சம் 1000 நிட் என்று கொண்டால், மின்னும் இடங்கள் வெள்ளையைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு ஒளிரும். விளக்கின் சுடர், நீரில் மின்னும் வெயில் போன்ற சிறிய இடங்களுக்காக ஒதுக்கப்பட்ட வெளிச்சம் இது.

இப்போது உங்கள் திரையால் அதிகபட்சம் 1000 நிட் காட்ட முடியும் என்று வைத்துக்கொள்வோம். பகலில் சாதாரண வெள்ளை 500 நிட்டில் இருந்தால் மேலே மீதியிருப்பது இரண்டு மடங்குக்கான இடம்தான். அதனால் எச்.டி.ஆர். வீடியோ சற்றே பளிச்சென்று தெரிவதோடு சரி. இரவில் வெள்ளையை 5 நிட்டுக்கு இறக்கிவிட்டால், மேலே காலியிடம் தாராளமாக இருக்கிறது. போன் தன் உச்சவரம்பு அனுமதிக்கும் வரை பல மடங்கு ஏறிப் போகலாம். ஸ்லைடரைக் குறைக்கக் குறைக்கச் சாதாரணத் திரைக்கும் எச்.டி.ஆர். வீடியோவுக்கும் உள்ள இடைவெளி கூடுகிறது. இருட்டுக்குப் பழகி விரிந்த கண்மணிக்கு அந்தத் திடீர்த் தாவல்தான் வலிக்கிறது.

சமூகச் செயலிகளில் இது இன்னும் மோசமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. திரைப்படத்தில் வண்ணம் சரிசெய்பவர் மின்னும் இடங்களை அளந்து வைப்பார். போனில் எடுத்து அவசரமாகத் தொகுத்துப் பதிவேற்றிய வீடியோவில் வெள்ளைச் சுவர் முழுவதும், சில வேளைகளில் மேலே ஒட்டிய பெரிய எழுத்துகளும்கூட, உச்சவெளிச்சத்தில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. சுடருக்கு ஒதுக்கிய வெளிச்சம் திரை முழுவதையும் நிரப்புகிறது.

ஆகவே நீங்கள் குறைக்க வேண்டியது அந்த மடங்கை. திரையின் மொத்த வெளிச்சத்தை இறக்குவதால் மடங்கு குறையாது. கீழே வரும் ஒவ்வொரு அமைப்பையும் ‘இது மடங்கைக் குறைக்கிறதா, மொத்தத்தைக் குறைக்கிறதா’ என்ற கேள்வியோடு பாருங்கள்.

## 3. தொடங்கும் முன் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

போனின் சரியான மாடல் பெயர், இயங்குதளத்தின் பதிப்பு எண், தொல்லை தரும் செயலியின் பெயர், நீங்கள் சேமித்து வைத்த சோதனை வீடியோ ஆகிய நான்கும் கையில் இருக்கட்டும். ஐபோனில் முதல் இரண்டும் Settings > General > About என்ற இடத்தில் கிடைக்கும். ஆண்ட்ராய்டில் Settings > About phone என்ற பக்கத்தைத் திறக்க வேண்டும். கீழே சொல்லும் சில தேர்வுகள் புதிய பதிப்புகளில் மட்டுமே இருப்பதால், பதிப்பு எண் தெரியாமல் தேடினால் இல்லாத பொத்தானைத் தேடி அரைமணி நேரம் போய்விடும்.

மாற்றப்போகும் ஒவ்வொரு பக்கத்தையும் மாற்றுவதற்கு முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, செயலியை முழுவதுமாக மூடித் திறந்து, அதே சோதனை வீடியோவை ஓடவிட்டுப் பாருங்கள். ஐந்து மாற்றங்களை ஒரே மூச்சில் செய்தால் எது பலித்தது என்று தெரியாமல் போகும்.

## 4. செயலிக்குள்ளேயே அணைக்க முடியுமா என்று பாருங்கள்

இருப்பவற்றில் இதுவே சிறந்த வழி. அந்தச் செயலியில் மட்டும் எச்.டி.ஆர். நின்றுவிடும், போனின் மற்ற வேலைகள் எதுவும் பாதிக்கப்படாது.

இன்ஸ்டாகிராமில் உங்கள் சுயவிவரப் பக்கத்துக்குச் சென்று, மேல் மூலையிலுள்ள மூன்று கோடுகளைத் தட்டி, கீழே இறங்கி Media quality அல்லது Data usage and media quality என்ற பகுதியைத் திறங்கள். அங்கே Disable HDR video playback என்ற தேர்வு இருந்தால் அதை இயக்குங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அந்த வரியின் பெயரே ‘முடக்கு’ என்பதால், பொத்தான் அணைந்திருந்தால் எச்.டி.ஆர். ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எச்.டி.ஆர். நிற்க வேண்டுமானால் பொத்தான் எரிய வேண்டும். நானும் முதல் முறை அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, சரியாக இருந்ததைக் கெடுத்துவைத்தேன்.

அந்த வரி எல்லாப் போன்களிலும் எல்லாக் கணக்குகளிலும் தெரிவதில்லை. தெரியவில்லை என்றால் செயலியைப் புதுப்பித்து ஒரு முறை பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் அதற்குமேல் தேடாமல் அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

யூடியூபில் இப்படி ஒரு பொத்தான் கிடையாது. நீளமான வீடியோக்களில் தரத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் HDR என்ற சொல் எண்ணுக்குப் பக்கத்தில் தெரியும் என்பதால், ஓடுவது எது என்று கண்டுகொள்ள மட்டும் அது உதவும். ஆகவே யூடியூபுக்கும், அணைக்கும் வசதியைத் தராத மற்றச் செயலிகளுக்கும் போன் அளவிலான வழிதான்.

## 5. ஐபோன் வைத்திருப்போர் செய்ய வேண்டியவை

முதலில் ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். அமைப்புகளில் தேடினால் Photos பகுதியில் View Full HDR என்ற தேர்வு கண்ணில் படும். அதை அணைத்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பத் தோன்றும். ஆனால் அது உங்கள் சொந்தப் படத்தொகுப்பைப் பார்ப்பதை மட்டுமே கட்டுப்படுத்துகிறது, சமூகச் செயலிகளை அது தொடுவதில்லை.

மடங்கைக் குறைக்க ஐபோனில் கைகொடுப்பது Low Power Mode. Settings > Battery என்ற இடத்தில் அதை இயக்கிவிட்டுச் சோதனை வீடியோவை ஓடவிடுங்கள். மின்சேமிப்புக்காகப் போன் எச்.டி.ஆரின் மிகைவெளிச்சத்தைக் கைவிடுவதால், சாம்பலாகத் தெரிந்த எழுத்துகள் மறுபடியும் வெள்ளையாகும். அதுதான் வெற்றிக்கான அடையாளம். இதற்கு விலையும் உண்டு. மின்னஞ்சல் தானாக வந்து சேராது, செயலிகள் பின்னணியில் புதுப்பித்துக்கொள்ளாது, திரை முப்பது விநாடிகளில் பூட்டிக்கொள்ளும். படுக்கையில் இருக்கும் நேரத்துக்கு இவை பெரிய இழப்பில்லை என்பது என் கருத்து.

தினமும் கையால் இயக்க வேண்டியதில்லை. Shortcuts செயலியில் Automation பகுதிக்குச் சென்று, Time of Day என்பதைத் தேர்ந்து இரவு 10 மணி என்று வைத்து, Set Low Power Mode என்ற செயலைச் சேருங்கள். கேட்காமலே நடக்க Run Immediately என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலை 6 மணிக்கு அணைப்பதற்கு இதேபோல் இன்னொன்று. இரண்டையும் அமைக்க ஐந்து நிமிடம் ஆகும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. போனைச் சார்ஜில் போட்டால், மின்கலம் 80 சதவீதத்தைத் தொட்டதும் Low Power Mode தானாக அணைந்துவிடும். படுக்கையில் சார்ஜில் வைத்தபடியே வீடியோ பார்ப்பவர்களுக்கு, பத்தரை மணி வரை சாதுவாக இருந்த திரை திடீரென்று மறுபடியும் எரியத் தொடங்குவது இதனால்தான். Battery பகுதியின் குறியைப் பார்த்தால் புரிந்துவிடும். சார்ஜிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள், அல்லது மறுபடியும் கையால் இயக்குங்கள்.

சார்ஜில் வைத்தே பார்க்க வேண்டியவர்களுக்கு இரண்டாவது துணை Reduce White Point. Settings > Accessibility > Display & Text Size என்ற பக்கத்தின் அடியில் அது இருக்கிறது. அதோடு வரும் ஸ்லைடரால் திரையின் வெளிச்சத்தைச் சாதாரணக் கீழெல்லைக்கும் கீழே கொண்டுபோக முடியும். இது திரை முழுவதையும் மங்கலாக்குகிறது, அதாவது நான் மேலே சொன்ன ‘மொத்தத்தைக் குறைக்கும்’ வகை. எனினும் எச்.டி.ஆரின் உச்சத்தையும் சேர்த்தே இறக்குவதால் வலி குறைகிறது. Accessibility Shortcut பட்டியலில் இதைக் குறித்துவிட்டால், பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை அழுத்தி இயக்கவும் அணைக்கவும் முடியும். இதை அணைக்க மறந்து வெயிலில் இறங்கினால் திரையில் எதுவுமே தெரியாது என்பதை நினைவில் வையுங்கள்.

## 6. ஆண்ட்ராய்டு வைத்திருப்போர் செய்ய வேண்டியவை

ஆண்ட்ராய்டில் நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர்கள் மாறும் என்பதால், அமைப்புகளின் மேலே உள்ள தேடல் பெட்டியில் HDR என்று தட்டச்சு செய்வதிலிருந்து தொடங்குங்கள். ஆண்ட்ராய்டு 16-இன் பிந்தைய புதுப்பிப்புகளைப் பெற்ற பிக்சல் போன்களில் திரைக்கான அமைப்புகளுக்குள் Enhanced HDR brightness என்ற தேர்வு வந்திருக்கிறது. மடங்கையே நேரடியாகக் கட்டுப்படுத்தும் அமைப்பு என்பதால், உங்கள் போனில் அது இருந்தால் மற்றவற்றைத் தேட வேண்டியதில்லை. முழுவதும் அணைக்கலாம், அல்லது தீவிரத்தை மட்டும் குறைக்கலாம். நான் குறைத்துவைக்கவே பரிந்துரைப்பேன். ஏனென்றால் பகலில் நல்ல எச்.டி.ஆர். வீடியோ அழகாகத்தான் இருக்கிறது.

சாம்சங் போன்களில் Settings > Advanced features > Video brightness என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே Bright என்று இருந்தால் Normal என்று மாற்றுங்கள். இது எச்.டி.ஆரோடு சம்பந்தப்படாத தனி ஏற்பாடு. பட்டியலிலுள்ள செயலிகளில் ஓடும் சாதாரண வீடியோக்களையும் இது கூடுதல் பளிச்சென்று காட்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் எது காரணம் என்று பிரித்தறிய முடியாது, அதனால் இதை முதலில் ஒதுக்கிவிடுவது நல்லது.

மேற்சொன்ன எதுவும் இல்லாத போன்களில் மின்சேமிப்பு முறையான Battery Saver-ஐச் சோதித்துப் பாருங்கள். பல போன்கள் அந்த முறையில் எச்.டி.ஆருக்கான கூடுதல் வெளிச்சத்தைத் தருவதில்லை. ஆனால் எல்லாம் அப்படி நடந்துகொள்வதில்லை என்பதால் சாம்பல் எழுத்துச் சோதனை அவசியம். அதுவும் பலிக்காதபோது, ஆண்ட்ராய்டு 12 முதல் கிடைக்கும் Extra dim உதவும். அது மேலிருந்து இழுக்கும் விரைவுப் பொத்தான்களிலும், Accessibility பகுதியிலும் இருக்கும். ஐபோனின் Reduce White Point போலவே அதுவும் மொத்தத் திரையையும் மங்கலாக்கும் வகை.

என் அக்காவின் ஆண்ட்ராய்டு போனை இப்படித்தான் சரிசெய்தேன். தேடலில் HDR என்று அடித்தபோது ஒன்றும் வரவில்லை. வீடியோவைப் பளிச்சென்று காட்டும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தது. அதை அணைத்தோம். பாதித் தொல்லை தீர்ந்தது, ஆனால் சோதனை வீடியோவில் எழுத்துகள் இன்னும் சாம்பலாகவே தெரிந்தன. மின்சேமிப்பு முறையை இயக்கிச் செயலியை மூடித் திறந்தோம். எழுத்துகள் வெள்ளையாயின. அம்முறை தானாக இயங்கும் நேரத்தை வைக்க அவர் போனில் வழி இல்லை. அதனால் விரைவுப் பொத்தான்களின் முதல் வரிசைக்கு அதைக் கொண்டுவந்து வைத்தோம். படுக்கப் போகும்போது ஒரு தட்டு. எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம் ஆனது.

## 7. பணத்தையும் நேரத்தையும் விழுங்கும் தவறான வழிகள்

நான் 350 ரூபாய் கொடுத்து மாட்டிய மேட் வகை ஸ்கிரீன் கார்டு, வெளியிலிருந்து வரும் ஒளி திரையில் பிரதிபலிப்பதைத்தான் குறைத்தது. திரையிலிருந்து புறப்படும் ஒளிக்கு அது தடையில்லை. டார்க் மோடும், திரையை மஞ்சளாக்கும் இரவு முறையும் அப்படியே. முதலாவது செயலியின் பின்னணியைக் கறுப்பாக்குகிறது, அதனால் அடுத்து வரும் பளீர் வீடியோ இன்னும் அதிகமாகவே உறுத்தும். இரண்டாவது நிறத்தை மாற்றுகிறதே தவிர உச்சவெளிச்சத்துக்கு வரம்பு வைப்பதில்லை.

திரையை மங்கலாக்கும் வெளிச்செயலிகளைப் பற்றிக் கூடுதல் எச்சரிக்கை தேவை. அவை ஆண்ட்ராய்டில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கறுப்புப் படலத்தை விரிக்கின்றன. அதற்காக மற்றச் செயலிகளின் மேல் வரையும் அனுமதியைக் கேட்கின்றன, சில Accessibility அனுமதியையும் கேட்கின்றன. பிந்தையது திரையில் உள்ளதைப் படிக்கவே வழிவிடும் அனுமதி என்பதால், முன்பின் அறியாத செயலிக்கு அதைத் தராதீர்கள். படலம் இருக்கும்போது வங்கிச் செயலிகள் எச்சரிக்கை காட்டுவதும், தொடுதலை ஏற்க மறுப்பதும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் படலம் மடங்கை மாற்றுவதில்லை. போனிலேயே Extra dim இருக்கும்போது இவை தேவையும் இல்லை.

பழுதுபார்க்கும் கடையில் எனக்குத் திரையை மாற்றச் சொன்னார்கள். ஸ்கிரீன்ஷாட் சோதனையில் கூச்சம் மறைந்துவிட்டால் திரையில் பழுது இல்லை. அதைச் செய்து பார்க்காமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

எந்த அமைப்பும் கிடைக்காத பழைய போனாக இருந்தால், இரண்டாம் பகுதியில் சொன்ன கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஒரு சிறிய விடிவிளக்கை எரியவிட்டு, ஸ்லைடரை அடிமட்டத்திலிருந்து கால்பங்கு ஏற்றி வையுங்கள். சாதாரணத் திரையின் வெளிச்சம் கூடும்போது எச்.டி.ஆர். தாவும் இடைவெளி சுருங்கும், கண்மணியும் அவ்வளவு விரிந்திருக்காது. தூங்கும் குழந்தைக்கு இது தீர்வல்ல, பார்ப்பவரின் கண்ணுக்கு நிவாரணம்.

## 8. உங்கள் வீடியோ பிறர் கண்ணைக் கூசவைக்காமல் இருக்க

ஐபோன் 12 முதல் வந்த மாடல்களால் எச்.டி.ஆரில் வீடியோ எடுக்க முடியும், பலருடைய போனில் அந்தத் தேர்வு இயங்கியபடியே இருக்கிறது. Settings > Camera > Record Video என்ற பக்கத்தில் HDR Video என்பதை அணைத்துவிட்டால், இனி எடுப்பவை சாதாரண வெள்ளைக்குள்ளேயே அடங்கும். ஏற்கெனவே எடுத்தவற்றை அது மாற்றாது. பிக்சலில் கேமராவின் வீடியோ அமைப்புகளில் 10-bit HDR என்று தேடுங்கள். பதிவேற்றும் முன், வெளிச்சத்தைக் குறைத்த இன்னொரு போனில், இருட்டில் ஒரு முறை ஓடவிட்டுப் பாருங்கள். செயலியின் எழுத்துகள் சாம்பலாகத் தெரிந்தால், அந்த வீடியோவை எச்.டி.ஆர். இல்லாமல் ஏற்றுமதி செய்து பதிவிடுங்கள்.

இயங்குதளத்தையோ செயலியையோ புதுப்பித்த அன்று இரவு, சேமித்து வைத்த சோதனை வீடியோவை மறுபடியும் ஓடவிடுங்கள். புதுப்பிப்புக்குப் பின் பொத்தான்கள் இடம் மாறுவதும் பழைய நிலைக்குத் திரும்புவதும் எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. மூன்றாம் படியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகள் அப்போதுதான் பயன்படும்.